மொழிபெயர்ப்பில் முளைத்த மீசை

1925ஆம் ஆண்டு, பஸ்கா பண்டிகை முடிந்த இரண்டாவது வியாழக்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு, போலந்தின் ஸபோலோட்கா நீதிமன்றத்தில் மூன்று வயது கெட்சலுக்கு மீசை முளைத்தது. அன்று சந்தையில் கொழுத்த வாத்து ஐந்து ஸ்லோட்டி. மீசை கறுப்பாக, நுனி முறுக்கி, குதிரைத் திருடர்கள் வைத்திருப்பது போல இருந்தது. குமாஸ்தா அதன் நீளத்தை அளந்து குறித்துக்கொண்டு மேற்கொண்டு எழுதலானார்.

கெட்சலின் அம்மா பிரெய்ண்டல் வாத்து விற்கிறவள். புருஷன் செத்து இரண்டு வருடம். உட்கார்ந்த இடத்தில் உட்காராத பெண். ஒரு கையால் இறகு பிடுங்கிக்கொண்டே மறு கையால் பிள்ளைக்கு மூக்குத் துடைப்பாள், வாய் அதுபாட்டுக்கு ஓடும். "கொள்ளைக்காரா, வாயத் திற. நாசகாரா, மிச்சம் வெக்காத." சில சமயம் "என் அப்பனே" என்பாள், மூன்று வயதுக்காரன் நூறு வயது கிழவனாகும்வரை இருக்கட்டும் என்று அர்த்தம். அவன் தடுக்கி விழுந்தால், "உன் எலும்புக்கு வர்றது எனக்கு வரட்டும்" என்பாள். ஊரில் எல்லா அம்மாக்களும் இப்படித்தான் பேசினார்கள். பிள்ளையை வாய்விட்டு மெச்சினால் கண் பட்டுவிடும். ஆகவே சர்க்கரையை உப்பில் புரட்டித்தான் ஊட்டுவார்கள். வசவு வெறும் வசவாகவே போய்விடாதபடி பெயருக்கு ஒரு குட்டி வால் ஒட்டுவார்கள்: கெட்சல், கெட்செலே, கெட்சென்யு. குரலை மேலே ஏற்றி, கடைசியில் சிரிப்பு வருமோ அழுகை வருமோ என்ற இடத்தில் இறக்குவார்கள். கேட்கிற பிள்ளை ஒருநாளும் குழம்பியதில்லை.

குழம்பியது பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த போலந்துக்காரி பானி ஹலினா. நல்ல மனசுக்காரி. நம் யூதர்கள் பேசும் இத்திஷில் அவள் நகரத்திலிருந்து கொண்டுவந்திருந்தது பத்து வார்த்தைக்குள்தான் இருக்கும், அதில் கொள்ளைக்காரனும் நாசகாரனும் இருந்தார்கள். சுவருக்கு அப்பால் தினமும் ஒரு குழந்தை இப்படித் திட்டு வாங்குவதைக் கேட்டுத் தூக்கமில்லாமல் கிடந்து, கடைசியில் மனு எழுதிவிட்டாள். பிள்ளையைத் தாயிடமிருந்து எடுத்து அனாதை விடுதியில் சேர்க்கலாமா என்பது வழக்கு. அரசாங்க மொழிபெயர்ப்பாளர் நாஃப்டலி நம்மவர்தான். லுவோவில் படித்தவர், தாயை இழந்தவர், தனியாக இருந்தவர். பிரெய்ண்டலின் வார்த்தைகளை அகராதி பிசகாமல் போலிஷ் மொழியில் வாசித்தார். 'கொள்ளைக்காரன்' என்றதும் மீசை வந்தது. 'நாசகாரன்' என்றதும் ஜன்னல் கண்ணாடி மூன்றும் தாமாகவே விரிசல் விட்டன. 'அப்பன்' என்றதும் பிள்ளையின் காதோரம் நரைத்தது; இருமிவிட்டு, மூக்குப்பொடி இருக்கிறதா என்று குமாஸ்தாவைக் கேட்டான். எலும்பைப் பற்றிய வாசகத்துக்கு மட்டும் கண்ணுக்குத் தெரிந்து ஒன்றும் நடக்கவில்லை.

நீதிபதி பொறுமையானவர். "இந்தப் பிள்ளை மேல உனக்குப் பாசம் இருக்கா, இல்லையா?" என்று நேராகக் கேட்டார். அத்தனை பேர் பார்க்கும்போது ஆமாம் என்று சொல்ல எந்தத் தாய் துணிவாள்? பிரெய்ண்டல் பிள்ளையைப் பார்த்து மூன்று தடவை துப்பினாள். "இதையா? மூஞ்சியப் பாருங்கய்யா. யாருக்கு வேணும் இது?" நாஃப்டலி அதையும் மொழிபெயர்த்தார். ஒரு வாரம் தவணை. அதற்குள் வேறு சாட்சியம் இல்லையென்றால் விடுதிதான். வீடு திரும்பும்போது பிரெய்ண்டலுக்கு இடது கால் பெருவிரல் பிய்த்துக்கொண்டு வலித்தது. நின்ற நிலையில் நின்றதால் என்று நினைத்தாள். கெட்சலின் புதுச் செருப்பு இடது காலில் இறுக்கம் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

அந்த ஒரு வாரம் அவள் கால் தரையில் பாவவில்லை. நாஃப்டலியின் வீட்டுக்குக் காலையில் ஒரு தடவை, சந்தை கலைந்ததும் ஒரு தடவை, மெழுகுவத்தி ஏற்றும் நேரத்துக்கு இன்னொரு தடவை ஓடினாள். அவரும் சும்மா இருக்கவில்லை. போலிஷிலும் கொஞ்சும் வால்கள் ஏராளம். ஒன்றைக் கொள்ளைக்காரனோடு ஒட்டிப் பார்த்தார். மீசை பாதியானது, அரும்பு மீசைக்காரப் போக்கிரி ஆனான் பிள்ளை. வசவே வேண்டாம் என்று 'என் பொன்னே, என் சூரியனே' என்று எழுதி வாசித்தார். கெட்சலின் கன்னங்கள் அசல் தங்கமாக மின்னின. தெருவே வாயைப் பிளந்து பார்த்தது. உப்பில்லாத சர்க்கரை, கண் படாமல் என்ன செய்யும்? பிள்ளைக்குக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சல் அடித்திருக்க வேண்டும். ஆனால் அவன் முற்றத்தில் வாத்துகளைத் துரத்திக்கொண்டிருந்தான். படுக்கையில் விழுந்து நடுங்கியவள் பிரெய்ண்டல்.

நாஃப்டலி பதறிக்கொண்டு பார்க்க வந்தார். மூன்று நாளாகச் சவரம் இல்லை, சாப்பாடு இல்லை. பிரெய்ண்டல் கண்ணைத் திறந்தாள்.

"வந்தாரு பாரு மேதாவி. அகராதிய முழுங்கின அசடு. நாஃப்டலென்யு, வயிறு ஒட்டிக் கெடக்கே, எவன்டா உனக்குச் சோறு போடுவான்? அடுப்புல சூப் இருக்கு, ஊத்திக் குடி. சட்டையில சிந்தின, கொன்னுடுவேன்."

அவர் குடித்தார். பாதியில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, வெட்கமில்லாமல் அழுதார். பதினேழு வருடமாக அந்த ஊரில் அவரை எல்லாரும் 'ஐயா' என்றே அழைத்து வந்திருந்தார்கள். அழுது முடித்து மீதியையும் குடித்தார். பிறகு முற்றத்துப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு நாள், பிரெய்ண்டல் காய்ச்சலோடே எழுந்தும் படுத்தும் பிள்ளையைத் திட்டுவதைக் காதால் கேட்காமல் கண்ணால் பார்த்தார்.

தவணை நாளில் அவர் வார்த்தை எதையும் மாற்றவில்லை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். 'கொள்ளைக்காரன்: தன் பங்கு இறைச்சியை அவன் தட்டில் தள்ளிக்கொண்டே சொன்னது.' 'நாசகாரன்: சூப்பை ஊதி ஆற்றும்போது.' 'அப்பன்: செருப்பு வாரைக் கட்டக் குனிந்திருந்தபோது, அவன் தலையை முகர்ந்து.' 'யாருக்கு வேணும் இது: பிள்ளையின் சட்டையை விடாமல் பிடித்துக்கொண்டு.' வாசிக்க வாசிக்கத் தங்கம் உதிர்ந்தது, நரை கறுத்தது, மீசை மேஜைமேல் விழுந்தது. குமாஸ்தா அதை உறையிலிட்டு எண் போட்டார். பானி ஹலினா எழுந்து, மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னாள்.

எலும்பு வாசகத்துக்கு மட்டும் ஓரக்குறிப்பு இல்லாததை நீதிபதி கவனித்தார். நாஃப்டலி பிரெய்ண்டலின் பக்கம் குனிந்து, அதற்கும் ஒன்று எழுதிவிட்டால் அவளுக்கு வந்த காய்ச்சலும் கால்வலியும் பிள்ளையிடமே திரும்பிவிடும் என்று மெதுவாகச் சொன்னார். அவள் அவரை முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"அது சரியாத்தான இருக்கு. அத ஏன் தொடுற?"

வாசகம் அப்படியே பதிவேட்டில் நின்றது. அதன்பிறகு கெட்சல் மரத்திலிருந்து விழுந்தால் பிரெய்ண்டலின் முழங்கை வீங்கும். அவனுக்கு அம்மை போட்டபோது தழும்பு அவளுக்கு விழுந்தது. ஊர் பழகிவிட்டது. பதினைந்து வயதில் அவன் புவெனஸ் அயர்ஸிலுள்ள மாமாவிடம் மேஜை நாற்காலி செய்யக் கப்பலேறினான். கடிதம் வர ஐந்து வாரம் ஆகும். எல்லாம் நலம் என்றுதான் எப்போதும் எழுதுவான். பிரெய்ண்டல் தன் கட்டைவிரல் நகம் கறுத்திருப்பதைப் பார்த்து, "பொய் சொல்றான் திருட்டுப்பய, சுத்தியல் பட்டிருக்கு" என்பாள்.

1938இல் அவளுக்குப் பல்வலி வந்தது. பல் வைத்தியர் பார்த்துவிட்டு, அவள் வாயில் சொத்தையே இல்லை என்றார். அவள் தாடையில் துணியைக் கட்டிக்கொண்டு கடிதம் எழுத உட்கார்ந்தாள்: "கீழ் வரிசை, இடது பக்கம், கடைசிப் பல். உனக்குத் தெரியாது. போய்ப் பிடுங்கிக்கோ, நாசகாரா." கடிதம் போய்ச் சேரும்வரை கஞ்சி மட்டும் குடித்து, ஒருநாளும் விடாமல் சந்தைக்குப் போனாள். ஆறாவது வாரம் செவ்வாய்க்கிழமை, இறகு பிடுங்கிக்கொண்டிருந்தவள் திடீரென்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடிவந்தார்கள். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு, துணியை அவிழ்த்து மடித்தாள்.

"போயிருக்கான்" என்றாள்.

பெண்கள் கடைகளுக்குத் திரும்பினார்கள். அவள் வாத்தை மடியில் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.