இருபதுக்கு இருபதும் தப்பு

மூன்றாம் எண் உறையைப் பிரித்ததுமே அது யாருடையது என்று பெரியக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

உறையில் பெயர் இல்லை. உள்ளே எல்லாம் தட்டச்சு. ஆனாலும் முதல் பத்தியில் ஒருவருக்குச் சளி, மூன்றாவதில் இன்னொருவருக்குத் தும்மல். புதுசு எழுதினால் யாருக்காவது மூக்கு ஒழுகாமல் இருக்காது.

புதுசு என்பது அந்த அறைக்கு ஒன்றரை வருடம் முன்பு வந்த பெண். பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. பதினோரு வருடமாக ஜன்னலோர நாற்காலியில் இருப்பவர் பெரியக்கா. அறையில் மொத்தம் ஐந்து பேர். பள்ளித் தேர்வுக்கு வாசித்துப் புரிந்துகொள்ளும் பகுதியைத் தயாரிப்பது அவர்கள் வேலை.

ஒரு பத்தி. அதில் பிள்ளைகளுக்குத் தெரியாத ஒரு சொல். கீழே நான்கு விடைகள். அகராதியை உருப்போட்டவன் யார் என்று பார்க்கிற கேள்வி அல்ல இது. அக்கம்பக்கத்து வாக்கியங்களில் துப்புத் தேடிப் பொருளை ஊகிக்கிறவன் யார் என்று பார்ப்பது. ஆகவே பத்தியில் துப்பு இருக்கிறதா என்பதை முதலில் சோதித்தாக வேண்டும். அதற்கு அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. நிஜச் சொல்லை எடுத்துவிட்டு, எந்த அகராதியிலும் இல்லாத பொய்ச்சொல் ஒன்றை அந்த இடத்தில் வைப்பார்கள். மற்றவர்களில் மூன்று பேர் தனித்தனியாகப் படித்து விடை குறிப்பார்கள். இருபதில் குறைந்தது பதினான்கு மூவருக்கும் சரியாக வர வேண்டும். ஒருவர் தவறினாலும் தாள் திரும்பிவிடும். அடுத்த வாய்ப்பு அடுத்த வருடம்.

இந்த வருடம் யார் தாள் தேறுகிறதோ அவருக்கே பகுதிப் பொறுப்பு என்று தலைவர் சொல்லியிருந்தார். அக்காவின் தாள் போன வாரமே சோதனையில் விழுந்துவிட்டது. ஒருவருக்குப் பன்னிரண்டு, இன்னொருவருக்குப் பதின்மூன்று. மற்றவர்களுடையதும் தேறவில்லை. மிச்சம் இருந்தது இந்த உறை மட்டும்தான்.

புதுசு வந்த முதல் மாதம் இப்படி இல்லை. அவள் கொடுத்த முதல் தாளில் ஒருவருக்கு ஆறுதான் வந்தது. அன்று அத்தனை பேர் முன்னாலும் அக்கா அவளுக்கு வகுப்பெடுத்தார். "நாலு விடை, இருபது கேள்வி. குரங்கு கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டாலே அஞ்சு தேறும், கண்ணு. உன் பத்தி குரங்கைவிட ஒரு மார்க்குதான் கூட வாங்கிக் கொடுத்திருக்கு." எல்லாரும் சிரித்தார்கள். புதுசும் சிரித்துக்கொண்டே அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். எழுதிக்கொண்டதுதான் அக்காவுக்குப் பிடிக்கவில்லை.

இப்போது? தேநீர் நேரத்தில் எல்லார் நாற்காலியும் அவள் பக்கம் திரும்புகிறது. போதாக்குறைக்கு, "உங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு பிரமாதமா எழுதுதாமே?" என்று வீட்டுக்காரரே கேட்டார். அன்று குழம்பில் உப்புத் தூக்கலாக விழுந்தது.

அக்கா பேனா மூடியைக் கழற்றினார்.

கணக்கு ஏற்கெனவே தயார். பன்னிரண்டைச் சரியாகப் போட வேண்டும். எட்டைத் தப்பாக. தாள் திரும்பும், யாருக்கும் சந்தேகம் வராது. பூனை பால் குடித்த மாதிரியும் இருக்காது, பால் இருந்த மாதிரியும் இருக்காது.

முதல் கேள்வி.

'அண்ணன் ஒரு பேச்சுக்கு ஒன்பது பேச்சுப் பேசுவான். தம்பியோ சுத்தக் கிமுலன். சளி பிடித்தால்கூட மருத்துவரிடம் தொண்டையைத் தொட்டுக் காட்டுவதோடு சரி.'

கிமுலன் என்றால்? கஞ்சன், பேசாதவன், சோம்பேறி, கோபக்காரன்.

'தம்பியோ' என்ற ஓகாரமே அண்ணனுக்கு எதிர்ப்பக்கம் திருப்பிவிடுகிறது. அது போதாதென்று அடுத்த வாக்கியத்தில் தொண்டை. பேசாதவன்தான். எத்தனை லேசாக வைத்திருக்கிறாள். இதற்கு மட்டும் வேண்டாம், அடுத்ததற்குக் கொடுக்கலாம் என்று சோம்பேறியைக் குறித்தார்.

மூன்றாவது கேள்வி.

'நாலு நாள் விடாத மழை. கொடியில் கிடந்த துணியெல்லாம் மொடவிவிட்டது. ஒரு சட்டையை முகத்தருகே கொண்டுபோன அப்பா தும்மிவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டார்.'

சுருங்கியது, வெளுத்தது, நாறியது, கிழிந்தது. மழையோடு நிறுத்தியிருந்தால் சுருங்கியது என்றும் சொல்லலாம். முடிவு செய்வது பின்னால் வருகிற மூக்கு. அவசரக்காரன் முந்தைய வரியோடு நின்று தவறுவான், பொறுமைசாலி அடுத்த வரிக்குப் போய்த் தேறுவான். பதினோரு வருடத்தில் அக்காவுக்கு இப்படி ஒரு துப்பு எட்டே எட்டு முறைதான் வாய்த்திருக்கிறது. எண்ணி வைத்திருந்தார்.

சுருங்கியது என்று குறித்தார்.

ஏழு, எட்டு, ஒன்பது. ஒவ்வொன்றையும் படித்ததும் விடை தானாக வந்து நின்றது. ஒவ்வொரு முறையும் பேனா பக்கத்து வீட்டுக்குப் போனது. பதினைந்தாவதில் சரியான விடைக்கு மேலேயே முனையை வைத்துவிட்டார். ஒரு புள்ளிகூட விழுந்தது. பிறகு விரல் நகர்ந்துவிட்டது. பதினொன்றரைக்கு உதவியாளர் வந்து தாளை வாங்கிப் போனார். எத்தனை சரி, எத்தனை தப்பு என்று அக்கா திரும்ப எண்ணவில்லை.

மூன்று மணிக்குத் தலைவர் அறையிலிருந்து அழைப்பு.

தலைவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. உட்காரச் சொன்னார். மற்ற இருவருக்குப் பதினெட்டும் பதினேழும் வந்திருப்பதாகச் சொன்னார். அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, தனக்குப் பத்திகள் அவ்வளவு தெளிவாகப் படவில்லை, அனுபவசாலிக்கே புரியாதது பிள்ளைகளுக்கு எப்படிப் புரியும் என்று கேட்டார்.

"உங்களுக்கு எத்தனை வந்திருக்கு தெரியுமா?"

"பன்னெண்டு இருக்கும் சார்."

அவர் தாளைத் திருப்பி அக்காவின் பக்கம் தள்ளினார். மேலே சிவப்பு மையில் ஒரு வட்டம். அதற்கு முன்னால் எந்த எண்ணும் இல்லை.

"குரங்கு தொட்டாலே அஞ்சு தேறும்னு நீங்கதானே சொல்லுவீங்க." குரல் உயரவில்லை. "ஒண்ணுமே புரியாதவங்களுக்கு அஞ்சு வரும். கொஞ்சம் முன்னே பின்னே நாலோ ஆறோ வரும். இருபதும் தப்பா வரணும்னா இருபதுக்கும் சரியான விடை தெரிஞ்சிருக்கணும். அந்தப் பொண்ணோட தாளுக்கு இதைவிட நல்ல சான்றிதழ் வேற யாரால கொடுக்க முடியும்?"

அக்கா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு கொடுக்கத்தான் வந்தார். கணக்குத் தெரியாமல் இல்லை. ஒரு மதிப்பெண், ஒரே ஒரு மதிப்பெண் அவளுக்குக் கொடுக்கக் கை வரவில்லை.

தேறாத தாளுக்கு, ஒவ்வொரு கேள்வியிலும் துப்பு எங்கே வழி தவறச் செய்தது என்று படித்தவர் எழுதித் தர வேண்டும். அதுவும் அந்த அறையின் வழக்கம். தலைவர் அந்தப் படிவத்தை நீட்டினார். இருபது வரிகள், இருபதும் காலி. அக்கா முதல் வரியில் பேனாவை வைத்தார். தம்பியோ, தொண்டை. இதில் என்ன குறை எழுதுவது? மூன்றாவது வரி. மூக்கு. பொய் எழுதவும் ஒரு பிடி வேண்டும். புதுசு அதற்கும் இடம் விட்டு வைக்கவில்லை.

படிவத்தை மூடிவிட்டு, வெற்று விடைத்தாள் ஒன்று கேட்டார். பத்தியைப் பாராமலே இருபதுக்கும் சரியான விடையைக் குறித்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தலைவர் அதைக் கோப்பில் வைத்தார். பழைய தாளை அவர் கிழிக்கவில்லை. இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

நான்கு மணிக்கு அறையில் விஷயம் பரவிவிட்டது. பொறுப்பு புதுசுக்கு. அவள் நேராக ஜன்னலோரம் வந்தாள், கையில் இரண்டு கோப்பை தேநீர். எல்லாம் அக்கா போட்ட பிச்சை என்றாள். குரங்குக் கதையை இன்னும் குறிப்பேட்டில் வைத்திருக்கிறாளாம். தன் தாளைப் படித்த மூன்று பேர் யார் என்று அவளுக்குச் சொல்லப்படவில்லை. சொல்வதும் வழக்கமில்லை.

அக்கா தேநீரை ஊதினார். பேசாமல் இருந்திருக்கலாம்.

"எல்லாம் சரிதான், கண்ணு. அடுத்த தடவையாவது அந்த மூக்கை விட்டுத் தொலை. ஒரு தாள் முழுக்கவா எல்லாருக்கும் சளி பிடிக்கும்?"

புதுசு சிரிக்கத் தொடங்கினாள். பாதியில் நின்றது. அவள் கண்கள் அக்காவின் முகத்திலிருந்து மேசைக்கும், மேசையிலிருந்து தலைவர் அறைக் கதவுக்கும் போய்த் திரும்பின. ஒரு பத்தியைப் படிப்பது போல, முந்தைய வரி, அடுத்த வரி என்று பொறுமையாக.

"அப்ப என் தாளை நீங்கதான் படிச்சீங்களா?" என்றாள் மெதுவாக. "என்னோடதுன்னு தெரிஞ்சே படிச்சீங்களாக்கா?"