நடுவில் இரண்டு வரி

என் கணவர் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் லேப் உதவியாளர். அதே பாலிடெக்னிக்கில் எனக்கு ஒரே ஒரு செய்முறைத் தேர்வு பாக்கி இருந்தது. டிப்ளமோவின் மற்ற எல்லாத் தாள்களையும் முடித்துவிட்டு, மகள் வயிற்றில் இருந்தபோது இந்த ஒன்றை மட்டும் தள்ளிப்போட்டேன். மகளுக்குப் பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கத் தொடங்கிவிட்டது. தேர்வு மட்டும் போட்டது போட்டபடி கிடந்தது. பழைய பாடத்திட்டத்தை மூடுகிறார்கள், இதுதான் கடைசி வாய்ப்பு என்று அறிவிப்பு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மருத்துவக் கருவிகளைப் பழுது பார்க்கும் நிறுவனம் ஒன்று வேறு, சான்றிதழைக் கொண்டு வந்து காட்டுங்கள், வேலை தயார் என்று சொல்லியிருந்தது. வீட்டில் குழம்பு கொதிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு அது சின்ன விஷயமா?

தேர்வு லாஜிக் கேட்டுகளைப் பற்றியது, அதாவது பூஜ்யம், ஒன்று என்று வருவதை வாங்கி ஒரு விடை தரும் சின்னச் சின்னச் சுற்றுகள். அதில் என் தலைவலி நேண்ட், நார் என்ற இரண்டு கேட்டுகள். இரண்டுக்கும் இரண்டு உள்ளீடு. இரண்டு உள்ளீடும் பூஜ்யமாக இருந்தால் இரண்டு கேட்டுமே ஒன்று தரும். இரண்டும் ஒன்றாக இருந்தால் இரண்டுமே பூஜ்யம் தரும். அதுவரை ஒட்டிப் பிறந்த பிள்ளைகள். ஒரு உள்ளீடு பூஜ்யம், மற்றது ஒன்று என்று வரும்போதுதான் பிரிகின்றன. அங்கே நேண்ட் ஒன்று தரும், நார் பூஜ்யம் தரும். எந்த உள்ளீட்டுக்கு என்ன வெளியீடு என்று காட்டும் உண்மை அட்டவணையில் அது நடுவில் இருக்கும் இரண்டு வரி. அந்த இரண்டு வரியில்தான் நான் எப்போதும் மாற்றி எழுதுவேன். மேல் வரியும் கீழ் வரியும் எப்படியும் சரியாக வந்து தொலைவதால், தப்பு செய்கிறேன் என்றே எனக்குத் தெரியாது.

"இவ காபியில உப்பைப் போட்டவதானே, இதை மட்டும் மாத்தாம இருப்பாளா?" என்று நாத்தனார் கேலி செய்தாள். உப்பு விஷயம் உண்மை. அதைச் சாகும்வரை விடமாட்டார்கள் போல.

என் கணவர் கேலி செய்ததில்லை. மாதக்கணக்கில், மகள் தூங்கிய பிறகு, சாப்பாட்டு மேஜையில் என் எதிரே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். முதலில் படத்தில் கேட்டின் வடிவத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவர் பாடம். மூக்கில் சின்ன வட்டம் இரண்டுக்கும் இருக்கும், அதை நம்பி ஏமாறக்கூடாது. முதுகு நேராக இருந்தால் நேண்ட், முதுகு உள்ளே வளைந்திருந்தால் நார். நான் தப்பாக நிரப்பினால் ஒரு வார்த்தை பேசமாட்டார். பேனாவால் மேஜையில் இரண்டு தட்டு தட்டுவார். நடு வரி இரண்டையும் பார் என்று அதற்கு அர்த்தம். நான் அடித்துவிட்டு மாற்றுவேன். அந்தப் பேனாச் சத்தம் அப்போது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் இப்போது யாரும் நம்பமாட்டார்கள்.

தேர்வுக்கு முன்பே அவர் துறைத் தலைவரிடம் போய், எழுதுவது என் மனைவி, நான் விலகிக்கொள்கிறேன் என்று சொன்னார். லேபைத் தெரிந்த வேறு ஆள் இல்லை. மதிப்பெண் போடுவது வெளியிலிருந்து வரும் தேர்வாளர்தானே, நீங்கள் வயர் கொடுக்கும் கவுண்டரைவிட்டு நகராமல் இருந்தால் போதும் என்று தலைவர் சொல்லிவிட்டார்.

தேர்வாளர் ஒரு அம்மையார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒவ்வொருவரையும் சீட்டு எடுக்கச் சொன்னார். நடைமுறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். சீட்டில் இருக்கும் சர்க்யூட்டை விடைத்தாளின் முன்பக்கம் வரைய வேண்டும். பின்பக்கம் அதன் உண்மை அட்டவணையை, கேட்டுகள் பொருத்திய பயிற்சிப் பலகையைத் தொடுவதற்கு முன்பே, யோசித்து எழுத வேண்டும். தாளைக் கவுண்டரில் காட்டி வயர் வாங்கி, தேர்வாளரிடம் கையெழுத்து வாங்கி, அப்புறம்தான் பலகையில் இணைத்து விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். கையெழுத்து விழுந்த பிறகு அட்டவணையில் கை வைக்கக்கூடாது. மதிப்பெண்ணில் பெரும்பங்கு அதற்குத்தான்.

என் சீட்டில் மூன்று கேட். முதல் இரண்டும் நேண்ட். ஒவ்வொன்றிலும் இரண்டு உள்ளீட்டுக் கால்களையும் ஒன்றாகச் சேர்த்திருந்தார்கள். அப்படிச் சேர்த்தால் அது வருவதைத் தலைகீழாக்கித் தரும், அவ்வளவுதான். அந்த இரண்டின் வெளியீடும் மூன்றாவது கேட்டுக்குள் போனது. மூன்றாவதன் முதுகு வளைந்திருந்தது. விரலை வைத்துத் தடவியே பார்த்தேன். நார்.

ஒவ்வொரு வரியாக, ஓரத்தில் இடைவெளியீடுகளையும் எழுதிக்கொண்டு போனேன். நாருக்குள் போவது இரண்டும் பூஜ்யமாக இருந்தால்தான் ஒன்று வரும். அது கடைசி வரியில் மட்டும்தான் நடந்தது. பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், ஒன்று. இன்னொரு முறை போட்டுப் பார்த்தேன். அதேதான். யாரும் தட்டாமல், நானாக, முதல் தடவையிலேயே! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அந்தப் பெருமையில்தான் கவுண்டரில் தாளை வைக்கும்போது அட்டவணைப் பக்கம் மேலே தெரியும்படி வைத்தேன். அவர் பார்க்கட்டும் என்றுதான் வைத்தேன்.

"எத்தனை கேட்டுக்கு வயர் வேணும்?" என்றார், யாரோ ஒருத்தியிடம் கேட்பதுபோல.

"மூணு."

அவர் கண் அட்டவணைக்குப் போனது. முகம் சுருங்கியது. வயரை எண்ணி வைத்துவிட்டு, கையிலிருந்த பேனாவால் கவுண்டரில் இரண்டு தட்டு தட்டினார்.

மறுபடியும் மாற்றிவிட்டேனா? தேர்வாளர் அடுத்த மேஜையில் கையெழுத்து போட்டுக்கொண்டிருந்தார். அடுத்தது நான். திரும்பப் போட்டுப் பார்க்க நேரம் இருந்ததா என்றால், இருந்தது. நான் பார்க்கவில்லை. அவர் தட்டினால் நான் தப்பு. எங்கள் மேஜையில் ஒருநாளும் அது பொய்த்ததில்லை. நடு வரி இரண்டிலும் பூஜ்யத்தை அடித்து, ஒன்று என்று எழுதினேன். தேர்வாளர் வந்து கையெழுத்து போட்டுவிட்டுப் போனார்.

பலகையில் இணைத்தேன். இரண்டு சுவிட்சும் கீழே இருக்கும்போது விளக்கு எரியவில்லை. சரி. ஒன்றை மேலே தள்ளினேன். எரியவில்லை. அதை இறக்கிவிட்டு மற்றதைத் தள்ளினேன். எரியவில்லை. இரண்டையும் தள்ளியதும் பளிச்சென்று எரிந்தது. வயர் கோளாறு என்று நினைத்தேன். பாருங்கள், அப்போதுகூட வயரைத்தான் சந்தேகப்பட்டேன். எல்லாவற்றையும் பிடுங்கி மறுபடி இணைத்தும் அதே கதைதான். வேறு வயர் கேட்டுக் கவுண்டருக்குப் போனேன். கையில் சீட்டும் இருந்தது.

அவர் சீட்டைப் பார்த்தார். மூன்றாவது கேட்டைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. நான் முதலில் எழுதியதே சரி என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. வயரை வாங்காமலே திரும்பி வந்தேன்.

கண்ட முடிவுகள் என்ற கட்டத்தில் பலகை காட்டியதையே எழுதினேன். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், ஒன்று. தேர்வாளர் வந்து இரண்டு அட்டவணையையும் மாறி மாறிப் பார்த்தார். அடித்த இடத்தில் விரலை வைத்தார்.

"இதுல எதும்மா சரி?"

"பலகையில வர்றதுதான் சரி மேடம்."

"அப்போ மொதல்ல சரியாத்தானே எழுதியிருக்கீங்க. ஓரத்துல ஸ்டெப் எல்லாம் போட்டிருக்கீங்க. அப்புறம் ஏன் அடிச்சீங்க?"

நான் கவுண்டர் பக்கம் திரும்பவில்லை. அங்கிருந்து ஒரு அடி எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. ஐயோ, வாயைத் திறந்துவிடுவாரோ என்று எனக்குப் பதறியது. திறந்தால் அவருக்கு வேலை போகும், எனக்குக் காப்பி அடித்தவள் என்ற பட்டமும் வரும்.

"நேண்டையும் நாரையும் மாத்தி நெனச்சிட்டேன் மேடம்" என்றேன் அவசரமாக.

அந்த அம்மையார் பெருமூச்சு விட்டார். "வாய்மொழிக் கேள்விக்கு முழு மார்க் போடறேன். ஆனா பாஸாக அது பத்தாதும்மா. கையெழுத்து போட்டதை நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். நல்ல மனுஷி. அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

வெளியே மரத்தடியில் நின்ற வண்டிக்கு அருகே காத்திருந்தேன். கணவர் லேபைப் பூட்டிவிட்டு வந்தார். சாவியை வண்டியில் போடவே அவரால் முடியவில்லை.

"நான் போய்ச் சொல்லிடறேன். நடந்ததை அப்படியே சொல்லிடறேன்."

"சொல்லி? ரெண்டு பேரும் வீட்ல உக்காரவா?"

"மூணு கேட்னா எப்பவுமே மூணும் நேண்டாத்தான் குடுப்பாங்க. நடு ரெண்டும் ஒண்ணுதான் வரும். இந்தம்மா கடைசி கேட்டை மாத்தியிருக்காங்க. எனக்கு எப்படித் தெரியும்?"

"தாளைத் திருப்பினா தெரிஞ்சிருக்கும். படம் பின்னாடிதானே இருந்துது."

அவர் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார்.

"ஏங்க திருப்பல?"

பொய் சொல்லியிருக்கலாம். நேரமில்லை, தேர்வாளர் பார்த்துக்கொண்டிருந்தார், பதற்றம் என்று எதையாவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். நம்புவதற்குத் தயாராகத்தான் நின்றேன். ஆனால் அவருக்குப் பொய் வராது. அதற்காகத்தான் அவரைக் கட்டிக்கொண்டேன்.

"தோணல" என்றார். "நடுவுல பூஜ்யத்தைப் பாத்ததும், நீ மாத்திட்டேன்னு நெனச்சேன். வேற ஒண்ணும் தோணவே இல்ல."

நான் வண்டியின் இருக்கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மாணவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். பார்க்கட்டும். சான்றிதழ் போனது, வேலை போனது, அதெல்லாம் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அழுகை அதற்காக வரவில்லை. ஊரெல்லாம் இவளுக்கு வராது என்று சிரித்தபோது, ஒரே ஒரு மனிதர் எதிரே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். எனக்கு வரும் என்று நம்பித்தான் உட்கார்ந்தார் என்று நினைத்திருந்தேன்.

"எனக்கு வந்துடுச்சுங்க" என்றேன். "இன்னிக்குக் காலையில, அந்த மேஜையில, எனக்கு நல்லாவே வந்துடுச்சு. அதை உங்களுக்குக் காட்டத்தான் அப்படி வெச்சேன்."

அவர் என் தோளைத் தொட வந்தார். நான் நகர்ந்துகொண்டேன். மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவர நேரமாகிவிட்டது, நான் நடந்தே போய்க்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.