லேபிளுக்கு அடியில் ஒரு லேபிள்

என் நாத்தனாருக்கு வாய் நீளம். அவள் வார்டில் நர்ஸ், நான் அதே ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில் லேப் டெக்னீஷியன். அன்று காலை அவள் அனுப்பிய ரத்தக் குழாயைக் கையில் எடுத்தபோது விரலில் ஏதோ தடிப்பாகத் தட்டுப்பட்டது. லேபிளுக்கு அடியில் இன்னொரு லேபிள். மேலே இருந்தது மதியம் ஆபரேஷனுக்குப் போகவிருந்த ஓர் அம்மாவின் பெயர். ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால், பக்கத்துக் கட்டில் பெரியவரின் பெயர். சோதனையை இன்னும் தொடங்கவில்லை என்பதுதான் ஒரே ஆறுதல்.

நாத்தனாரைப் போனில் பிடித்தேன்.

"தப்பா ஒட்டிட்டேன் அண்ணி. அப்புறம் பாத்து, சரியானத மேல ஒட்டிட்டேன். உள்ள இருக்கறது அந்தம்மா ரத்தந்தான்."

"மேல ஒட்டினது ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

எதற்கும் சட்டென்று பதில் சொல்கிறவளின் குரல் இறங்கியது.

"நடுவுல ஒருத்தர் மயங்கி விழுந்துட்டாரு, ஓடினேன். ஞாபகமில்ல அண்ணி."

யாருடையது என்று தெரியாத ரத்தத்துக்குப் பெயர் மாற்றி வைக்க எங்கள் வேலையில் இடமில்லை. இருவரின் குழாய்களையும் நிராகரித்து, புதிதாக எடுத்தனுப்பச் சொன்னேன். ஆபரேஷன் தள்ளிப்போகும் என்று டாக்டரிடமும் சொன்னேன்.

புதுக் குழாய்களை அவளே கொண்டுவந்தாள். முகம் செத்திருந்தது.

"நடந்தத ரிப்போர்ட்டா எழுதாம விடக்கூடாதா? யாருக்கும் ஒண்ணும் ஆகலையே. என் வேலை போயிடும்."

"நீ போய் வார்டப் பாரு" என்றேன்.

புதுக் குழாய்களைச் சோதித்தேன்: அந்தம்மா ஓ வகை, பெரியவர் பி வகை. மாறியிருந்தால் அந்தம்மா உடம்பில் பி ரத்தம் ஏறியிருக்கும், உயிரே போயிருக்கலாம். ஆத்திரத்தில் எழுதிய முதல் ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டேன். இரண்டாவதில் பார்த்ததை மட்டும் எழுதினேன். கடைசியில் ஒன்று சேர்த்தேன்: லேபிள் பிரிண்டர் நர்ஸ்கள் மேஜையில் இருக்கிறது, வார்டு முழுவதற்கும் லேபிள்கள் ஒன்றாக வருகின்றன, ரத்தம் எடுக்கும் முன்பே குழாய்களில் ஒட்டிவிடுவது அங்கே எல்லோருக்கும் பழக்கம்.

இரண்டு நாள் வீட்டில் அவள் என்னோடு பேசவில்லை. நடுவில் மாட்டிக்கொண்ட என் கணவர் டிவியிடம் அடைக்கலம் புகுந்தார்.

மூன்றாம் நாள் சமையலறைக்கு வந்து நின்றாள்.

"நர்சிங் சூப்பிரண்டு மேடம் கூப்பிட்டாங்க. நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். ஆனா வேலைக்கு ஒண்ணுமில்ல. பிரிண்டரத் தள்ளுவண்டியில வெச்சுட்டாங்க. இனிமே கட்டில் பக்கத்துல நின்னு, ரத்தம் எடுத்த கையோட ஒட்டணும்."

"சரி."

"ஆபரேஷன் முடிஞ்சு அந்தம்மா இன்னைக்கு எழுந்து நடந்தாங்க. நான்தான் கையப் பிடிச்சிட்டு நடந்தேன்." அவள் குரல் உடைந்தது. "கை உசிரோட கதகதன்னு இருந்துச்சு அண்ணி."

அடுப்பை அணைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டேன். எனக்கும் அப்போதுதான் அழுகை வந்தது.