ஐந்தாம் குறிப்பும் ஒன்பதாம் குறிப்பும்

எனக்கு எழுத வரும் என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. அந்த நினைப்பு வேறு யாருக்கும் இருந்ததாகத் தகவல் இல்லை. ஐந்தாம் வகுப்புக் கணக்கு வாத்தியாருக்கு எழுத என்ன வாய்ப்பு கிடைக்கும்? பரீட்சைத் தாளில் "கவனக்குறைவு" என்று சிவப்பு மையில் எழுதலாம். அதையும் இருபது வருடமாக எழுதிக்கொண்டுதான் இருந்தேன்.

அப்போதுதான் ஆன்லைன் வீட்டுப்பாடம் வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடம் தேடிப் பிடித்து வைத்திருந்தது ஓர் இலவசப் பயிற்சித் தளம். பிள்ளை தன் பெயரை அடித்துவிட்டு உள்ளே போக வேண்டும், பத்துக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். கடைசியில் மேலே பிள்ளையின் பெயரும் நடுவில் ஒரு கட்டத்துக்குள் மதிப்பெண்ணும் வரும். பக்கத்தை மூடினால் எல்லாம் போச்சு. யார் எவ்வளவு வாங்கினார்கள் என்று ஆசிரியருக்கு அந்தத் தளம் சொல்லாது. ஓசியில் கிடைத்ததை அதற்கு மேல் கேள்வி கேட்க முடியுமா? ஆகவே மதிப்பெண் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்ப வேண்டும் என்று ஏற்பாடு.

முதல் தடவை வந்த படங்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒருவர் வீட்டு மின்விசிறியை அனுப்பியிருந்தார். ஒருவர் படமே இல்லாமல், "பத்துக்கு எட்டு சார், சத்தியமா" என்று எழுதியிருந்தார். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார்.

"சார், பெற்றோருக்குத் தெளிவா ஒரு லெட்டர் எழுதுங்க. டெக்னிக்கல் விஷயம்லாம் உங்களுக்குத்தான் வரும். ப்ரொஜெக்டரையே நீங்கதானே சரி பண்ணீங்க?"

ப்ரொஜெக்டரை நான் சரிபண்ணியது உண்மை. கழன்று கிடந்த பிளக்கை மாட்டினேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதினேன். இரண்டு பக்கம், ஒன்பது குறிப்புகள். பவர் பட்டனையும் சத்தம் குறைக்கும் பட்டனையும் ஒரே நேரத்தில் அழுத்தி விடுவது பற்றி மட்டும் ஒரு முழுப் பத்தி. "மதிப்பெண் பக்கத்தை மூடுவதற்கு முன்பாகவே படம் எடுக்கப்பட வேண்டும்" என்பதற்குக் கீழே கோடு. ஐந்தாம் குறிப்பு இது: "படத்தில் தேவையற்ற பகுதிகளை வெட்டி நீக்கி, மதிப்பெண் உள்ள கட்டம் மட்டும் தெரியும்படி சேமிக்கவும்." சுத்தமாக இருக்கட்டுமே என்று. ஏழாவது, பள்ளியின் இணைப்பைத் திறந்து படத்தைப் போடுவது. எட்டாவது, அனுப்பியபின் போனில் இடம் அடைக்காமலிருக்கப் படங்களை அழித்துவிடுவது. இந்த அக்கறையை யாரும் என்னிடம் கேட்கவில்லை. ஒன்பதாவது: "மாணவரின் பெயர் தெரியாத படங்கள் ஏற்கப்படமாட்டா."

ஐந்தாவதற்கும் ஒன்பதாவதற்கும் நடுவில் ஒரு காபி குடித்தேன். அதைத் தவிர வேறு சமாதானம் என்னிடம் இல்லை.

என் மனைவி வாங்கிப் படித்தாள், அதாவது முதல் பத்தியைப் படித்தாள். "இது லெட்டரா, கோர்ட்டு சம்மனா? யாருங்க இத முழுசா படிப்பாங்க?" என்றாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். தலைமையாசிரியையோ "அருமை சார்" என்று சொல்லி மற்ற வகுப்புகளுக்கும் அனுப்பிவிட்டார். அன்று நான் தரையில் நடக்கவில்லை.

அடுத்த வீட்டுப்பாடம் பின்னங்கள். இந்தத் தடவை அதற்கு ஒரு கனம் இருந்தது. அதிக மதிப்பெண் வாங்கும் இரண்டு பேர் பள்ளிகளுக்கிடையிலான கணக்குப் போட்டிக்குப் போகலாம். புதன் மாலை ஆறு மணியோடு பயிற்சி மூடிவிடும். வெள்ளி மாலை நாலு மணிக்குள் இரண்டு பெயரும் போட்டி நடத்துகிறவர்களுக்குப் போயாக வேண்டும்.

வகுப்பில் முப்பத்து நாலு பேர். முப்பது படம் வந்தது. இருபத்தொன்பதில் பெயர் இருந்தது. ஒன்றில் மட்டும் வெறும் கட்டம், கட்டத்துக்குள் பத்துக்குப் பத்து. சுத்தமாக, ஓரம் பிசிறில்லாமல் வெட்டப்பட்டிருந்தது. எங்கள் இணைப்பு தபால் பெட்டி மாதிரி, யார் போட்டார்கள் என்று சொல்லாது. பெயரோடு படம் வராத ஐந்து பேரில் யாருடையதாகவும் இருக்கலாம். வகுப்பில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் ஐந்து கையும் தூக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். சட்டம் எழுதியவனே சட்டத்தை மீறலாமா? ஒன்பதாம் குறிப்பின்படி நிராகரித்தேன்.

இன்னொரு படத்தையும் சொல்ல வேண்டும். ஒரு வக்கீல், மகனின் ஒன்பது மதிப்பெண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுக்காமல், லேப்டாப் திரையை போனால் போட்டோ பிடித்து அனுப்பியிருந்தார். திரையில் துண்டு கட்டிய வக்கீலும் மங்கலாகத் தெரிந்தார். என் இரண்டாம் குறிப்பு அதைத் தடைசெய்கிறது. ஆனால் பெயர் தெரிகிறதே என்று ஏற்றுக்கொண்டேன். வக்கீல் என்பதால் இல்லை என்று இங்கே எழுதப் பார்த்தேன், கை வரவில்லை.

வியாழக்கிழமை வகுப்பில் வீட்டுப்பாடம் ஏற்கப்படாத ஐந்து பெயர்களை வாசித்தேன். நான்கு பேர் தலையைச் சொறிந்தார்கள். ஐந்தாவது, பிள்ளைகள் "தீக்குச்சி" என்று கூப்பிடும் பெண். ஒல்லி. கணக்கைக் கொடுத்தால் பற்றிக்கொள்வாள். எழுந்து நின்றாள், என்னவோ சொல்ல வாயெடுத்தாள், உட்கார்ந்துவிட்டாள். செய்யவில்லை போல, வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். போட்டிக்குப் பத்து வாங்கிய இன்னொரு பெண்ணையும் வக்கீல் மகனையும் எழுதிக்கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டரைக்கு, ஆசிரியர் அறை வாசலில் தீக்குச்சியின் அம்மா வந்து நின்றார். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை. ஷிப்ட் முடித்து நேராக வந்திருக்கிறார், சீருடையில் அடையாள அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. உறைக்குள் என் கடிதம்.

"சார், நான் எங்க தப்புப் பண்ணேன்னு சொன்னீங்கன்னா அடுத்த தடவ சரியா பண்ணிடுவேன்" என்றார்.

சண்டைக்கு வந்திருந்தால் எனக்குப் பதில் தயாராக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். ஒன்று முதல் எட்டு வரை ஒவ்வொரு குறிப்புக்குப் பக்கத்திலும் பேனாவால் ஒரு டிக். ஒன்பதுக்குப் பக்கத்தில் மட்டும் ஒன்றுமில்லை.

"எனக்கு அவ்வளவா படிக்க வராது சார். கூட வேல செய்யிற அக்கா படிச்சுச் சொன்னாங்க. மெஷினுக்குப் பக்கத்துல ஒட்டி வச்சு ஒண்ணொண்ணா மனப்பாடம் பண்ணேன். எல்லாம் வந்துடுச்சு. இந்த ஒம்பது மட்டும் புரியல. அஞ்சுல வெட்டச் சொல்லியிருக்கீங்க. வெட்டினா பேரு போயிடுது. பேரு மேல இருக்கு, கட்டம் கீழ இருக்கு. மூணு தடவ வெட்டிப் பாத்தேன். அப்புறம், சார் தெரியாமலா எழுதியிருப்பாரு, நமக்குத்தான் புரியலன்னு அனுப்பிட்டேன்."

என் கடிதத்தை நானே முதல் தடவையாகப் படித்தேன். ஐந்து, பிறகு ஒன்பது. இருபது வருடம் பிள்ளைகள் தாளில் நான் எழுதிய அந்த ஒற்றை வார்த்தை எனக்கே பொருந்தியது.

இன்னொன்றும் உறைத்தது. பெயரோடு படம் அனுப்பிய இருபத்தொன்பது வீட்டிலும் யாரும் என் கடிதத்தை முழுசாகப் படிக்கவில்லை. படிக்காததால்தான் வெட்டவில்லை, வெட்டாததால்தான் பெயர் இருந்தது. நான் சொன்னதைச் சொன்னபடி செய்த ஒரே வீட்டைத்தான் தூக்கி எறிந்திருக்கிறேன்.

இந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை உள்ளே வந்தார். கையில் போட்டிப் பட்டியல், கையெழுத்துப் போட்டு முத்திரையும் வைத்தாகிவிட்டது. விஷயத்தை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, "அம்மா, சார் லெட்டர்ல எல்லாம் தெளிவா இருக்கே. அதுபடி செஞ்சா தப்பே வராதே" என்றார்.

அந்த அம்மா தலையை ஆட்டினார். "ஆமா மேடம், என் மேலதான் தப்பு."

சும்மா இருந்திருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். அந்த நினைப்பு எனக்கு வரவில்லை என்று சொன்னால் பொய்.

"இல்ல மேடம்" என்றேன். "லெட்டர் தப்பு. அஞ்சாவது பேர வெட்டச் சொல்லுது, ஒன்பதாவது பேரு இல்லன்னா கிடையாதுங்குது. இவங்க நான் சொன்னத அப்படியே செஞ்சிருக்காங்க. பத்துக்குப் பத்து இவங்க பொண்ணோடது."

தலைமையாசிரியை கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார். முகம் மாறியது. எத்தனை வகுப்புக்கு அனுப்பினோம் என்று எண்ணியிருப்பார். "சரி சார், ஆனா அந்தப் படம் இவங்களோடதுன்னு எப்படித் தெரியும்? வக்கீல் கேட்டா என்ன சொல்றது?"

"வெட்டுறதுக்கு முன்னாடி எடுத்த படம் போன்ல இருக்காம்மா?" என்று கேட்டேன்.

"அழிச்சிட்டேனே சார். எட்டாவதுல சொல்லியிருந்தீங்களே."

என் அக்கறையும் வேலை செய்திருக்கிறது.

போனை வாங்கினேன். அழித்த படங்கள் ஒரு மாதத்துக்குக் குப்பைத்தொட்டியில் கிடக்கும் என்பது நல்லவேளையாக நினைவுக்கு வந்தது. திறந்தேன். முதல் படமே அதுதான். மேலே தீக்குச்சியின் முழுப் பெயர், நடுவில் பத்துக்குப் பத்து, புதன் மாலை ஐந்து மணி பத்து நிமிடம். தலைமையாசிரியை எட்டிப் பார்த்து "ம்" என்றார்.

அதற்குக் கீழே இன்னும் பதினொரு படங்கள் இருந்தன. பூட்டிய திரை. வெறும் முகப்பு. சத்தத்தின் அளவு காட்டும் பட்டை ஓரத்தில் எட்டிப் பார்க்கும் முகப்பு. மறுபடி அதே. எல்லாம் திங்கள், செவ்வாய் மதியங்களில் எடுத்தவை.

"அது சும்மா பழகினது சார்" என்று அவர் அவசரமாகச் சொன்னார். "சாப்பாட்டு நேரத்துல. ரெண்டு பட்டனும் ஒண்ணா விழமாட்டேங்குது. அன்னிக்கு அவ பண்றப்ப நான் சொதப்பிடக் கூடாதுல்ல?"

எனக்கு அவமானமாக இருந்தது. வேறு நாசூக்கான வார்த்தை போட முடியாது. நான் ஞாயிற்றுக்கிழமை என் எழுத்தை ரசித்துக்கொண்டிருந்தேன். இவர் சாப்பாட்டு நேரத்தை விட்டுக்கொடுத்து அதற்குப் பரீட்சை எழுதியிருக்கிறார்.

தலைமையாசிரியை பட்டியலில் வக்கீல் மகனின் பெயரை அடித்துவிட்டு, "வக்கீலுக்கு நீங்களே போன் பண்ணுங்க" என்றார். நியாயம்தான். பட்டியல் மூன்றேகாலுக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்த அம்மா கிளம்பவில்லை. அட்டையின் கயிற்றைத் திருகிக்கொண்டு நின்றார்.

"சார், ஒரு உதவி. என் மேல தப்பில்லன்னு அவகிட்ட ஒரு வார்த்த சொல்லிடுறீங்களா? 'நீதான் கெடுத்த'ன்னு நேத்துலேருந்து என்கூட பேசவே மாட்டேங்கிறா."

போட்டி போனதற்குக்கூட அவர் குரல் இப்படி உடையவில்லை. பட்டியலைத் திருத்தியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான்தான் நினைத்திருந்தேன்.

இரண்டு பேரும் வகுப்புக்குப் போனோம். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். முப்பத்து நாலு பிள்ளைகள் முன்னால் போய் நின்றேன்.

"நான் அனுப்பின லெட்டர் தப்பு" என்றேன். "அத முழுசா படிச்சு, சொன்ன மாதிரியே செஞ்சது தீக்குச்சியோட அம்மா மட்டும்தான். அவங்க செஞ்சதுல ஒரு தப்பும் இல்ல. தப்பு பண்ணது நான்."

பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். சார் தப்புப் பண்ணிட்டார் என்று ஒருவன் பெஞ்சைத் தட்டினான். தீக்குச்சி போட்டியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. எழுந்து என்னைத் தாண்டி வாசலுக்கு ஓடி, அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, சலவைச் சீருடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"சாப்டியாம்மா?" என்று அவள் கேட்டது எனக்குக் கேட்டது.