அக்கா விலை

மூன்று மாதமாக எலக்ட்ரிக் கடையில் கூட்டம் அலைமோதியது. வீதி முனையில் பெரிய கடை திறந்தபோது சுருங்கிப்போன கடைக்காரரின் முகம், பழையபடி மலர்ந்திருந்தது. ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் அதே பேச்சுதான். "பளபளப்பு இருந்தா போதுமா? நம்ம முகத்துக்காகத்தான் ஜனம் வருது!"

மனைவி இன்னொரு கரண்டி சோறு பரிமாறுவாள்.

ஆனால் மொத்த வியாபாரிக்குத் தவணை கட்டத்தான் பணம் தேறவில்லை. ஞாயிறு மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, போன மாத பில்களைக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்து ஸ்டூலில் அவள், திரும்பி வந்த பல்புகளைச் சோதித்துக்கொண்டிருந்தாள்.

தள்ளுபடி என்ற இடத்தில் எல்லா பில்லிலும் சைபர்தான். அதனால்தான் தினசரிக் கணக்கு அவரை உறுத்தவில்லை. இப்போது ஒவ்வொரு சாமானாக அலமாரியில் ஒட்டிய விலையோடு ஒப்பிட்டார். நூறு என்று ஒட்டியிருந்தது, பில்லில் தொண்ணூறு. அதை வாங்கியதே எண்பத்தெட்டுக்கு. மிஞ்சிய இரண்டில் வாடகை கொடுப்பதா, கரண்டுக்குக் கட்டுவதா?

விலை குறைந்தவை எல்லாம் அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போகும் மதிய நேரத்து பில்கள். அந்நேரம் கல்லாவில் இருப்பது அவள் மட்டும்தான்.

"ஏம்மா, விலையையே குறைச்சு அடிச்சிருக்கே?"

அவள் கையிலிருந்த பல்பு அணைந்தது.

"தள்ளுபடின்னு போட்டா உங்க கண்ணுல பட்டுடுமேன்னுதான்."

"என்னைக் கேட்டா என்னவாம்?"

"கேட்டா வேணாம்பீங்க. எல்லாரும் அந்தக் கடைக்குப் போயிட்டாங்க. நீங்க வாசலையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க. ராத்திரி சோறுகூட இறங்கலை. நாலு பேரை நானே கூப்பிட்டு விலை சொன்னேன். கூட்டம் வந்துச்சு. நீங்க சிரிச்சீங்க. அப்புறம் நிறுத்த மனசு வரலை."

திட்ட வாயெடுத்தவர், பில்களை ஒன்றாக அடுக்கினார். தன் முகத்துக்காக யாருமே வரவில்லை.

மறுநாள், வழக்கமாக மதியத்தில் வரும் எலக்ட்ரீஷியன் காலையிலேயே வந்து வயர் சுருளை எடுத்துத் தோளில் போட்டான்.

"அக்கா விலைதானேண்ணே?"

அவள் கணவனைப் பார்த்தாள்.

"இனிமே ஒட்டியிருக்கிற விலைதான்ப்பா."

"என்னண்ணே, அக்காவோட சண்டையா?" என்று சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. சுருளை இறக்கி, எடுத்த இடத்திலேயே வைத்தான். "அப்புறம் வரேண்ணே."

அவன் அப்புறம் வரவில்லை. மதியத்துக்குள் இன்னும் சிலர் விலை கேட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

"என்மேல கோவமா?" என்றாள்.

"மூணு மாசம் சந்தோஷமா இருந்தேன். அதுக்கு எப்படிக் கோவப்படறது?" என்றார். பிறகு, "ஒட்டின விலைக்கு ஆள் வராது, உன் விலைக்கு நமக்குக் கட்டாது. கடை சொந்தக்காரர்கிட்ட நானே பேசறேன். இந்த மாசக் கடைசியில கடையைக் காலி பண்ணிடலாம். தவணைக்குப் பதிலா இருக்கிற சரக்கை மொத்த வியாபாரியே திருப்பி எடுத்துக்கட்டும்" என்றார்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் எழுந்துபோய், வாசலில் ஜொலித்துக்கொண்டிருந்த காட்சி விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார். பிறகு ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அன்று சாப்பிட வீட்டுக்குப் போகவில்லை.