மறைத்து அடித்த சர்வீஸ்

ஆண்டர்சன்பேட்டை சர்ச் ஹாலில் நடந்த டேபிள் டென்னிஸ் ஃபைனலுக்கு ஷோபாதான் அம்பயர். ஆடிய இருவரில் ஒருவன் அவளுடைய கொழுந்தன் அனில். "அண்ணியே அம்பயரு, அப்புறம் இன்னாத்துக்கு மேட்ச்சு?" என்று எதிராளி டைட்டஸின் ஆட்கள் ஆரம்பத்திலேயே கத்தினார்கள்.

சர்வீஸ் போடும்போது விரித்த உள்ளங்கையிலிருந்து பந்து பதினாறு சென்டிமீட்டராவது மேலே எழ வேண்டும். மூன்றாவது கேமில் அனில் வீசிய பந்து அவ்வளவு எழுந்ததா என்று ஷோபாவுக்குச் சந்தேகம் வந்தது. புள்ளி கொடுக்காமல் ஆட்டத்தை நிறுத்தி எச்சரித்தாள். அவன் முறைத்தான்.

கடைசி கேமில் பத்துக்கு ஒன்பது. இன்னும் ஒரு புள்ளியில் அனிலுக்குக் கோப்பை. இம்முறை பந்தை உயரமாகவே வீசினான். ஆனால் வீசிய கையை விலக்காமல் பந்துக்கு முன்னால் நிறுத்தி, அந்த மறைவில் அடித்தான். பந்தில் மட்டை பட்டதையே பார்க்க முடியாத டைட்டஸ் வலையில் அடித்துவிட்டான். ஹால் அதிர்ந்தது.

ஷோபா கையை உயர்த்தினாள். "ஃபால்ட். பந்தை மறைச்சிட்டே. பாயிண்ட் டைட்டஸுக்கு."

"இன்னா அண்ணி, வூட்டு சண்டைய இங்க தீர்த்துக்கிறீங்களா?"

"கைய எடுத்திருந்தா இந்தப் பேச்சே இல்ல. ஆடு."

பத்துக்குப் பத்து; இனி இரண்டு புள்ளி முந்துகிறவருக்கே வெற்றி. அடுத்து டைட்டஸ் தன் சர்வீஸில் ஒரு புள்ளி எடுத்தான். பிறகு அனில் கையை ஒழுங்காக விலக்கி சர்வீஸ் போட, பந்தைத் தெளிவாகப் பார்த்த டைட்டஸ் ஓங்கி அடித்து ஜெயித்தான்.

அனில் அவளுக்குக் கை கொடுக்கவில்லை. வாசலில் அவள் கணவன் பாபு தம்பியைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் கிளம்பினான். உடம்பெல்லாம் கோபம் கொதிக்க, ஷோபா பஜார் வழியாகத் தனியே நடந்தாள்.