பத்து மில்லிபார்

கூட்டத்துக்கு இன்னும் பத்தொன்பது மணி நேரம் இருந்தபோது என் தவறு எனக்குத் தெரிந்தது.

மதியம் மூன்று மணி. வானிலை நிலையத்தின் கணினி அறையில் நான் மட்டும் இருந்தேன். மறுநாள் காலைக் கூட்டத்துக்காக இரண்டு மாதப் பலூன் அறிக்கைகளை அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன மாதம் ஒரு பலூன், எல்லாப் பலூனையும் போல உப்பி, 31.4 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்திருந்தது. அங்கே காற்றழுத்தம் 9.6 மில்லிபார். இந்த வாரமும் ஒன்று அதே 31.4 கிலோமீட்டரில் வெடித்திருந்தது. அழுத்தம் 10.1 என்று இருந்தது.

ஒரே உயரத்தில் நாளுக்கு நாள் அழுத்தம் கொஞ்சம் மாறலாம். ஆனால் கடந்த பன்னிரண்டு நாளாக மாறியிருப்பதுபோல் ஒரே பக்கமாக, ஒரே விகிதத்தில் மாறாது.

பலூனில் தொங்கும் எங்கள் கருவிப் பெட்டி வெப்பத்தையும் ஈரத்தையும் தானே அளக்கும். உயரத்தைச் செயற்கைக்கோளிடம் கேட்டுக்கொள்ளும். அழுத்தத்தை மட்டும் அளக்காது. தரையில் உள்ள அழுத்தத்தை நாம் கொடுத்தால், அங்கிருந்து படிப்படியாகக் கணக்கிட்டுக்கொண்டே மேலே போகும். தரையில் கொடுத்த எண் நூற்றுக்கு ஐந்து கூடினால், உச்சி வரைக்கும் நூற்றுக்கு ஐந்து கூடும்.

பழைய அழுத்தமானியைச் சரிபார்க்க அனுப்பி பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அது கம்பி வழியாகத் தானே எண்ணை அனுப்பிவிடும். மாற்றாக வந்ததைப் பார்த்து நான்தான் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். எழுந்து போய் அதன் முகத்தை உற்றுப் பார்த்தேன். 1011. மூலையில் எறும்பு அளவு எழுத்தில் ‘கடல் மட்டம்’. பொத்தானை அழுத்தினேன். 963.

நிலையம் நானூற்று முப்பது மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மாற்றிய எண்ணை இந்தத் தரையின் எண்ணாக நான் கொடுத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்துப் பாடம். எனக்குக் காது சுட்டது.

அந்தப் பன்னிரண்டு நாளும் பலூன்காரர் தோற்றுக்கொண்டிருந்தார்.

பலூனில் ஹைட்ரஜன் நிரப்புவது அவர் வேலை. ஒப்பந்த வேலை. பலூன் பத்து மில்லிபாருக்குக் கீழே போக வேண்டும்; காற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கைக் காலடியில் விட்டுவிட வேண்டும் என்று அர்த்தம். தொடர்ந்து பத்து நாள் போகவில்லை என்றால் ஆளை மாற்றிவிடலாம். மறுநாள் கூட்டம் அதற்குத்தான். இத்தனை வருடம் தூரத்திலிருந்து வந்துபோனவர், மகள்கள் இரண்டு பேரையும் பக்கத்துப் பள்ளியில் சேர்த்து, இங்கேயே வாடகைக்கு வீடு பார்த்து, குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

நிலையப் பொறுப்பாளரான மேடத்தின் அறை வரைக்கும் போனேன். அவர் தொலைபேசியில் யாரிடமோ கறாராகப் பேசிக்கொண்டிருந்தார். என் ஆறு மாதத் தகுதிகாண் காலத்தில் இது நான்காவது மாதம். திரும்பி வந்துவிட்டேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், பலூன் விடுமுன் விமான நிலையத்துக்கு அனுமதி கேட்டுத் தொலைபேசியில் பேச எனக்கு வாய் வரவில்லை. எண்ணைச் சுழற்றிவிட்டு வைத்துவிடுவேன். பலூன்காரர் பக்கத்தில் வந்து நின்று, “அவங்களும் சோறு திங்கிற மனுசங்கதான் தங்கச்சி. அதிகபட்சம் ‘இப்ப வேணாம்’னு சொல்லுவாங்க” என்றார். ஒரு வாரம் தினமும் வந்து நின்றார். யாரிடமும் அதைச் சொல்லவும் இல்லை. அந்த நிற்றலுக்கு நான் நன்றி என்று வாய்விட்டுச் சொன்னதில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நிரப்பும் கொட்டகைக்குப் போனேன். அவர் கையில் உறை மாட்டிக்கொண்டு, பலூனைக் குழந்தையைப் போல் மெத்தையில் கிடத்தியிருந்தார்.

“வா தங்கச்சி. இன்னைக்கு கேஸை ஒரு மணி நேரம் மெதுவா விட்டிருக்கேன். ரப்பர் அலுத்துக்காம இருக்கும்ல.”

“நேத்தும் நல்லாத்தான் நிரப்பினீங்க அண்ணே.”

“நல்லா நிரப்பி என்ன? என் வீட்டுக்காரி கேக்கறா, ‘ஒரு பலூன மேல அனுப்பத் தெரியல, நீயெல்லாம் எப்படி எங்க அப்பாகிட்ட பொண்ணு கேட்ட?’ன்னு.”

அவரே சிரித்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

“குறையக் குறைய விட்டும் பாத்தேன், கூட விட்டும் பாத்தேன். கை பட்டுச்சோன்னு புது உறை வாங்கிப் பாத்தேன். என்னமோ என்கிட்டதான் இருக்கு தங்கச்சி.”

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். “எட்டு மணிக்கு அனுமதி வாங்கிட்டேன்” என்றுதான் வந்தது.

963 என்று தட்டச்சு செய்தேன். இரண்டு முறை சரிபார்த்தேன். வாரத்தில் ஒரு நாள் ஓசோன் அளக்கும் பெட்டியும் கூடப் போகும்; அன்று அந்த நாள். எட்டு மணிக்கு அவர் கையை விட்டார். வெள்ளைப் பலூன் மேகத்தின் ஓட்டைக்குள் நுழைந்து மறைந்தது.

திரையில் கோடுகள் நகர ஆரம்பித்தன. மேலே போகப் போக வெப்பம் இறங்கியது. பத்துக் கிலோமீட்டரில் உறைநிலைக்கு முப்பது டிகிரி கீழே. ஈரம் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. பதினேழில் எண்பது டிகிரி கீழே. அங்கே கோடு நின்று, திரும்பி, வெப்பம் ஏற ஆரம்பித்தது. தினமும் பார்க்கிறேன், தினமும் அந்தத் திருப்பம் எனக்குப் பிடிக்கும். இருபதைத் தாண்டியதும் ஓசோன் கோடு எழுந்தது. அதுதான் சூரியனின் புற ஊதாக் கதிரை விழுங்கி அந்த அடுக்கைச் சூடாக்குகிறது. நைட்ரஜனும் ஆக்சிஜனும் கீழே இருந்த அதே விகிதத்தில்தான் இருக்கும். ஆனால் எல்லாமே நூறில் ஒரு பங்குக்கு அருகே வந்துவிட்டிருக்கும். தரையில் என் உயரத்துக்கு இருந்த பலூன் அங்கே ஏழு மீட்டருக்கு மேல் உப்பியிருக்கும்.

ஒன்பதே முக்காலுக்கு வெடித்தது. 31.3 கிலோமீட்டர். 9.7 மில்லிபார்.

கதவோரம் நின்றிருந்த பலூன்காரர், “எவ்வளவு?” என்றார்.

சொன்னேன்.

அவர் திரையருகே வந்து எண்ணைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் கூப்பினார். என்னைப் பார்த்து.

“உன் கை ராசிதான் தங்கச்சி. காலைல நீ வந்து நின்ன பாரு, அதான். ரொம்ப நன்றி.”

“அண்ணே, அப்படியெல்லாம் இல்ல...”

“சும்மா இரு. நன்றி சொன்னா வாங்கிக்கணும்.”

பத்து மணிக்கு மேடத்தின் அறையில் மூன்று பேர் உட்கார்ந்தோம். மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளைப் பார்த்தார்.

“இன்னைக்கு ஒன்பது புள்ளி ஏழு. சந்தோஷம். ஆனா பன்னெண்டு நாள் தொடர்ந்து போகலையே. ஒரு நாள் போனத வெச்சு நான் மேல என்ன எழுதறது? இத்தனை வருசமா ஒழுங்கா பண்ணிட்டு இப்ப ஏன் இப்படி?”

“கவனக்குறைவுதான் மேடம்” என்றார் பலூன்காரர். “கேஸை அவசரமா விட்டுட்டேன் போல. இன்னைக்கு மெதுவா விட்டேன், போயிடுச்சு. அப்ப தப்பு என் கைலதானே? நீங்க எழுதறத எழுதுங்க. இந்தப் பொண்ணு பாவம், ராத்திரி பகலா அறிக்கை போட்டு ஒத்தாசை பண்ணுச்சு. அதுமேல எதுவும் வந்துடக் கூடாது.”

மேடம் பேனாவைத் திறந்தார்.

  செய்யாத தவறுக்குள் உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதர் எனக்குக் குடை பிடிக்கிறார்.

“மேடம், எழுதாதீங்க.”

இருவரும் திரும்பினார்கள். என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது.

“பன்னெண்டு பலூனும் பத்துக்குக் கீழ போயிருக்கு. ஒன்னுகூட தவறல. புது அழுத்தமானில கடல் மட்டத்து அழுத்தத்தப் பாத்து, அதையே நம்ம தரை அழுத்தம்னு பன்னெண்டு நாளும் தப்பா போட்டது நான்தான்.”